ஆறு சட்டி அவரை

ஒரே நாளில் காலையில் ஒருவர் வந்து என் அண்ணியைப் புகழ்ந்துவிட்டுப் போனார். மாலையில் இன்னொருவர் வந்து வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார். இரண்டும் ஒரே குழியில் அள்ளிய எருவுக்காக. அன்றைக்குப் பிடித்த குழப்பம், ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை.

அண்ணியைத் தெருவில் எல்லாரும் வறட்டிக்காரம்மா என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. எனக்குத்தான் முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு யோசித்தேன். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன், என்னை ஒருவரும் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "இங்க ஒரு காப்பி" என்பதோடு சரி. அதற்கு வறட்டிக்காரம்மா எவ்வளவோ மேல்.

வீட்டின் பின்பக்கம் மாட்டுக் கொட்டகை. நாலு மாடு. கிழவி, கருப்பி, மயிலை, செவலை. பாலை விற்று வருவது தவிட்டுக்கும் புண்ணாக்குக்குமே சரியாகப் போய்விடும். வீடு நடப்பது மாட்டின் மறுபக்கத்தால்தான் என்று அண்ணன் கேலி செய்வான். அவன் பஸ் ஓட்டுகிறவன், அதிகாலையில் கிளம்பிப் போய்விடுவான். கொட்டகை முழுக்க முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம்.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. காலையில் சாணியை அள்ளும்போது நாலு மாட்டின் சாணியையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைய மாட்டாள். கிழவிக்குப் பல் தேய்ந்து போனதால் தவிடும் பச்சைப் புல்லும்தான் தீனி. அதன் சாணி இளக்கமாக இருக்கும், உமி கூடுதலாகச் சேர்த்தால்தான் சுவரில் நிற்கும், காய்வதற்கும் ரெண்டு நாள் அதிகம் பிடிக்கும். அதனால் பின்சுவரில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பத்தி. உள்ளங்கையால் அப்பி, ஐந்து விரலும் பதிய ஒரு அழுத்து. காய்ந்ததும் உரித்து, திருப்பிப் போட்டு வெயில் காட்டி, தகரக் கூரைக்கடியில் மாட்டுக்கு ஒன்றாக நாலு அடுக்கு அடுக்கி வைப்பாள். சட்டி பானை சுடுகிறவர் மாதம் ஒருமுறை வண்டியோடு வந்து மேலடுக்கிலிருந்து எடுத்துப் போவார். அடியில் இருப்பது மழைக்காலத்துக்கு.

வறட்டிக்குப் போக மீதிச் சாணியும், கழித்துப் போட்ட தீனியும், கொட்டகை மண்ணும் எருக்குழிக்குப் போகும். ஒரு குழி மக்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த குழி நிரம்பும். மூன்று, நான்கு மாதத்தில் கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும், நாற்றமே இருக்காது. அடுத்தது பூச்சிக்கரைசல். கொட்டகைத் தரையில் வாய்க்கால் வெட்டி மூத்திரத்தைத் தொட்டியில் பிடித்து, டிரம்மில் ஊற்றி, வேப்பிலை, நொச்சி, எருக்கு எல்லாவற்றையும் இடித்துப் போட்டுப் பத்து நாள் ஊறவிட்டு, தினம் ஒரு தடவை கம்பால் கலக்கி, துணியில் வடிகட்டுவாள். நான் பாட்டிலுக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பேன்: ஒரு பங்கு கரைசல், பத்துப் பங்கு தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவும். அந்தச் சீட்டு ஒன்றுதான் இந்த வியாபாரத்தில் என் பங்கு. அதற்கே நான் அலட்டிக்கொள்வதுண்டு.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் வந்தவர் வெங்காயம் போட்டவர். "இந்த மாதிரி எரு நான் பார்த்ததே இல்லம்மா, தாள் எல்லாம் ஈட்டி மாதிரி நிக்குது" என்றார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. நான் அவளிடம் என் சீட்டு எழுதிய ராசி என்றேன்.

மாலையில் வந்தவர் தோட்டக்காரர். எங்களிடம் அதிகம் எருவும் கரைசலும் வாங்குகிறவர் அவர்தான். சாலையோரத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார், பலகையில் பெரிய எழுத்தில் 'மருந்தே அடிக்காத காய்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்காகவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. அவர் கையில் ஒரு தக்காளிக் கிளை. அதை அண்ணியின் காலடியில் போட்டார்.

"என்னம்மா இது? என் தோட்டம் பூரா இப்படித்தான் நிக்குது. எதைக் கலந்து குடுத்தே?"

அண்ணி கிளையை எடுத்துப் பார்த்தாள். கீழ் இலைகள் சரியாகத்தான் இருந்தன. நுனி இலைகள் மட்டும் கிண்ணம் மாதிரி குவிந்து, நரம்பு நரம்பாகச் சுருண்டு, தக்காளி இலை என்று சொல்ல முடியாதபடி ஒடுங்கிப்போயிருந்தன.

"தண்ணி கம்மியா ஊத்திட்டீங்களா அண்ணே?"

"பத்துக்கு ஒண்ணு. உன் சீட்டுல இருக்கறபடிதான்."

அது எனக்குச் சுட்டது. ஆனால் அண்ணி தலையை ஆட்டினாள். கரைசல் காட்டமாகப் போனால் இலை ஓரம் கருகும், இப்படிச் சுருளாது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளை ஈ வந்திருக்குமோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பூச்சிகூட இல்லை.

"ஈ இல்லம்மா. கரைசல் தெளிக்காத பாத்தியிலயும் இதே கதி. அங்க உன் எரு மட்டும்தான் போட்டேன்" என்றவர், குரலைத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி உயர்த்தினார். "உன் மாட்டுக்கு ஏதோ சீக்கு. அதான் எருவுல இறங்குது. அந்தப் புது மாடு வந்ததுலேருந்துதான் இது."

புது மாடு என்றால் செவலை. வந்து ஆறு மாதமாகிறது. அண்ணி தன் வளையலைக் கொடுத்து வாங்கியது. அவள் குரல் கேட்டால் போதும், எங்கே நின்றாலும் காதைத் திருப்பும். இப்போது மூன்று மாதச் சினை வேறு.

மறுநாள் மொட்டை மாடியில் செடி வளர்க்கும் டீச்சர் வந்தார். அவர் வீட்டில் பீன்ஸ் சுருண்டிருந்தது. கத்தரியும் சுருண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியில் எலுமிச்சைப் புல் அடர்ந்து நின்றது. "ஒரே மூட்டைதான் ரெண்டுக்கும் போட்டேன். எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் டீச்சர். பாடம் நடத்துகிறவருக்கே புரியவில்லை என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

மாட்டு டாக்டர் வந்து நாலு மாட்டையும் தட்டிப் பார்த்து, கண்ணை இழுத்துப் பார்த்து, காய்ச்சல் பார்த்து, "மாடு கல்லு மாதிரி இருக்கு. செடியைப் பத்தி என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல செய்திதான், ஆனால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் இல்லை. எரு நன்றாக மக்கியிருக்கிறது. கரைசலில் எப்போதும் போடும் இலைதான். வெங்காயம் ஈட்டியாய் நிற்கிறது, தக்காளி சுருள்கிறது. இதில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு முடிச்சு இறுகியது.

தெருவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. செவலைக்குச் சீக்கு என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு வாரத்தில் எருவுக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். கரைசல் பாட்டில் இருபது திரும்பி வந்தது. அண்ணன் தரகரிடம் பேசிவிட்டான்.

"அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். ஒத்தை மாட்டுக்காக நாலு மாட்டுப் பிழைப்பையும் விட முடியாது."

"அதுதான் காரணம்னு யாருங்க பார்த்தது?" என்றாள் அண்ணி.

"பின்ன என்ன காரணம்? சொல்லு, கேட்டுக்கறேன்."

அன்று அண்ணி செவலையை அவிழ்த்து, மற்ற மாடுகளைவிட்டுத் தள்ளி, கடைசித் தூணில் கட்டினாள். அதன் மூத்திரம் தொட்டிக்கு வராமல் வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள். சந்தேகம் அவளுக்கும் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செவலை மூன்று நாள் கத்தியது. கத்தாமல் இருக்க அதன் முன்னால் காய்ந்த மக்காச்சோளத் தட்டையை அள்ளி அள்ளிப் போட்டாள்.

நாலாம் நாள் வறட்டி அடுக்கின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "இங்க வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டாள். "இதுல மேல இருக்கறது போன வாரத்துது. அடியில இருக்கறது எட்டு மாசத்துக்கு முந்தினது, செவலையே வரல அப்போ. நாலு மாட்டுதும் தனித்தனியா இருக்கு. காய்ஞ்சு போனதுனால உள்ள இருந்தது அப்படியே இருக்கும்ல?"

நான் படித்தவள் என்று கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்? "இருக்கும்" என்றேன், தைரியமாக.

சட்டி சுடுகிறவரிடம் விரிசல் விட்ட சட்டி ஆறு வாங்கி வந்தோம். ஓடைப்பக்கத்து மண்ணைச் சலித்து ஆறிலும் நிரப்பினாள். ஒன்றில் வெறும் மண். ஒன்றில் அடியடுக்கு வறட்டியைப் பொடித்துக் கலந்தாள். மற்ற நாலில் மேலடுக்கிலிருந்து மாட்டுக்கொரு வறட்டி. ஒரே கைப்பிடி அளவு, ஒரே அளவு தண்ணீர். சட்டிக்கு மூன்று அவரை விதை. நான் சீட்டு அடித்து ஒட்டினேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஊர்ல எவனாவது வறட்டியில விவசாயம் பண்ணுவானா?" என்று சிரித்தான். பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறான். அவனை என்ன செய்வது?

ஒரு வாரத்தில் ஆறு சட்டியிலும் முளைத்தது. பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. அண்ணி காலையில் சாணி அள்ளப் போகும் முன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் குனிந்து பார்ப்பாள். மூன்றாவது இலை விட்டபோதுதான் தெரிந்தது. வெறும் மண், நேர். அடியடுக்கு, நேர். செவலை, சுருள். அதுவரைக்கும் எல்லாரும் சொன்னதுதான். ஆனால் கருப்பியும் சுருள். மயிலையும் சுருள். கிழவி நேர்.

"பார்த்தியா! செவலைகிட்டேருந்து ரெண்டுக்கும் தொத்திக்கிச்சு. கிழவி அந்தக் கோடியில நிக்குது, அதுக்கு இன்னும் தொத்தல" என்றான் அண்ணன்.

கேட்டால் சரியாகத்தான் பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சோதனை வைக்கப்போய், போகிற மாடு ஒன்றுக்கு மூன்றாகிவிட்டதே என்று. மாலையில் அண்ணி தீனி போடப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மூன்று மாட்டுக்கும் மக்காச்சோளத் தட்டையை வெட்டிப் போட்டாள். கிழவி முன்னால் வந்ததும் கை தானாகத் தட்டையை விட்டுவிட்டுப் புல்லுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டாள்.

"கிழவி தட்டை தின்னாது" என்றாள். "பல்லு இல்ல."

"அதுக்கென்ன?"

"செவலை வந்து வைக்கோல் பத்தாமப் போச்சுன்னுதானே தட்டை வாங்கினோம். அது வந்த பத்தாம் நாளு. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. நாம ஒண்ணைத்தான் பார்த்தோம்."

தட்டையைக் கொடுத்தது தோட்டக்காரர். இந்த வருஷம் தன் கீழ்க்காட்டில் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிரை எடுத்துக்கொண்டு, தட்டையை இரண்டு டிராக்டர் எங்களுக்குக் கொட்டி, அதற்குப் பதிலாக எரு எடுத்துக்கொண்டார். தட்டை நல்ல தட்டை. ஒரு பூசணம் கிடையாது.

மறுநாளே அவர் தோட்டத்துக்குப் போனோம். என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாள் என்று சொன்னால் பொய். சண்டைக்கு ஆள் வேண்டும் என்று நானாகத்தான் போனேன். அவர் மோட்டார் ரூமில் இருந்தார்.

"அண்ணே, அந்தச் சோளத்துக்கு ஏதாவது அடிச்சீங்களா?"

"சோளத்துக்கா?" அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "களைக்கு ஒண்ணு அடிச்சேன். சோளத்தை ஒண்ணும் பண்ணாது, அகல இலைக் களையை மட்டும் கருக்கிடும். ஏன்?"

"மருந்தே அடிக்காத காய்னு பலகை வெச்சிருக்கீங்களே?" என்றேன் நான்.

"அது காய்க்கும்மா. நான் காய்க்கு ஒரு சொட்டு அடிச்சது கிடையாது. சோளம் கோழித்தீனிக்குப் போவுது, தட்டை மாட்டுக்குப் போவுது. அது மனுஷன் திங்கறதா?"

காலி டப்பா மூலையில்தான் கிடந்தது. கழுத்தில் ரப்பர் போட்டு ஒரு தாள், மடித்தது மடித்தபடி. அவர் அதைப் பிரித்ததே இல்லை. நான் பிரித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஆனால் அப்படிப்பட்ட எழுத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் தொழில். படித்தேன். இம்மருந்து அடித்த பயிரை மாடு தின்றால், மருந்து செரிக்காமல் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறும். அந்த எரு மக்கினாலும் அவரை வகை, தக்காளி, கத்தரி, மிளகாய் முதலிய பயிர்களைக் கெடுக்கும். புல் வகைப் பயிர்களுக்கும் வெங்காயம் போன்றவற்றுக்கும் பாதிப்பில்லை.

அவர் அகல இலைக் களைக்கு அடித்தார். தக்காளியும் அகல இலைதான். அவர் காட்டில் தெளித்தது எங்கள் மூன்று மாட்டின் வயிற்றுக்குள் போய், குழியில் மக்கி, டிரம்மில் ஊறி, அவர் தோட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. சுமந்து போய்க் கொடுத்தது அண்ணி.

எனக்கு நாக்கில் ஆயிரம் வார்த்தை இருந்தது. அவர் அதற்கு முன்னால் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்: "இது வெளிய தெரிஞ்சா என் பலகையைக் கழட்டிட வேண்டியதுதான் தாயி. வேணும்னு செய்யல."

"தெரியும் அண்ணே" என்றாள் அண்ணி. எழுந்து வந்துவிட்டாள்.

வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். "தெருவுல நின்னு கத்தினாரே, அப்போ நம்ம மானம் போகலையா? தெரியும் அண்ணேன்னு சொல்லிட்டு வர்றீங்க!"

"எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலம்மா. அவரு பிழைப்புல மண்ணைப் போடறதா? செவலையை விடறதா? நானும்தான் அந்த எருவை இருபது வீட்டுக்குக் குடுத்திருக்கேன். மூக்குல வெச்சுப் பார்த்து, நல்ல எருன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

மாட்டுக்குத் தட்டை போடுவதை அன்றே நிறுத்தினாள். அந்த இருபது வீட்டுக்கும் போனாள். நான் அந்தத் தாளைப் பெரிதாக்கி இருபது காப்பி எடுத்தேன், முதலாளிக்குத் தெரியாமல். தீனியில் கோளாறு, இந்த எருவைத் தக்காளிக்கும் அவரைக்கும் போடாதீர்கள், சோளத்துக்கும் புல்லுக்கும் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். யார் கொடுத்த தீனி என்று கேட்டவர்களிடம், "வாங்கின தீனிங்க" என்றாள். அதை யார் நம்புவது? மாட்டை விற்க மனசில்லாமல் கதை கட்டுகிறாள் என்று பேசினார்கள். அண்ணனே, "காரணம் புரியுது. ஆனா ஊரு நம்பாதவரைக்கும் செவலை இருக்கற வீட்டுல எவனும் எரு வாங்க மாட்டான்" என்றான். தரகர் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை மாறாமல் அப்படியே நின்றது.

தரகர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார், புதுக் கயிற்றோடு. டீச்சரும் நாலைந்து பேரும் வாசலில் கூடியிருந்தார்கள். தரகர் செவலையைச் சுற்றி வந்தார். "நல்ல மாடு. ஆனா சீக்குன்னு ஊரே சொல்லுதே. பார்த்துத்தான் விலை போடணும்."

"சீக்கு மாட்டுக்கு இல்லீங்க. தீனியில" என்றாள் அண்ணி.

"யாரு குடுத்த தீனி?"

நான் வாயைத் திறந்தேன். என் கையை அண்ணி பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"நான் குடுத்த தீனி."

தோட்டக்காரர் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்றிருந்தார். "என் சோளத்துக்கு நான் அடிச்ச களைமருந்து. மாட்டு மேல பழி போட்டதும் நான்தான்" என்றார். தரகரைப் பார்த்துச் சொன்னாரே தவிர, அண்ணியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

தோட்டக்காரர் கடையில் அந்தப் பலகை இப்போது இல்லை. காய் விற்கிறார். நாங்கள் வாங்குகிறோம். அவர்மேல் கோபப்படுவதா பாவப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பலகையில்லாத அந்தக் கடையைத் தாண்டும்போது நான் ஒரு நாள் கோபப்படுகிறேன், ஒரு நாள் பாவப்படுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு அண்ணி அடைத்த வாய்க்காலைத் திறந்தாள். செவலையைக் கடைசித் தூணிலிருந்து அவிழ்த்துப் பழைய இடத்தில், கருப்பிக்கும் மயிலைக்கும் நடுவில் கட்டினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். தள்ளிக் கட்டியதிலிருந்து அவள் குரலுக்குக் காதைத் திருப்பாமல் நின்ற மாடு அது. அன்றைக்கும் திருப்பவில்லை. அண்ணி அழுதுகொண்டே தவிடு கலக்கப் போனாள்.